இட்ராகோனசோல்: கேப்சூலுக்குச் சாப்பாடு, சிரப்புக்கு வெறும் வயிறு, இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை

இட்ராகோனசோல் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. தோலில் வரும் படர்தாமரை, நகத்தைப் பிடிக்கும் பூஞ்சை முதல், நுரையீரலில் குடியேறும் ஆஸ்பெர்ஜிலஸ், ஹிஸ்டோபிளாஸ்மா வரை பலவற்றுக்கும் இதைத் தருகிறார்கள். வாயால் உட்கொள்ள இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று கேப்சூல். மற்றொன்று பலரும் சிரப் என்று சொல்லும் திரவ மருந்து. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேதான். ஆனால் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், சிரப்பை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். இந்த ஒரு வரியை மருந்துச்சீட்டு எழுதி முடிக்கும் அவசரத்தில் சொல்லிவிடுவதால், வீட்டுக்குப் போனதும் எதற்கு எது என்று குழம்பிவிடுகிறது. காரணம் புரிந்துவிட்டால் குழப்பம் வராது. அந்தக் காரணம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியது: இந்த மருந்து எங்கே கரைகிறது?

கேப்சூலைத் திறந்து பார்த்தால்

வழக்கமான 100 மி.கி. கேப்சூலைப் பிரித்துக் கொட்டினால் தூள் வராது. கடுகளவு வெளிர்நிற உருண்டைகள்தான் உருண்டு வரும். ஒவ்வோர் உருண்டையின் நடுவிலும் இருப்பது வெறும் சர்க்கரை. அதன்மேல் மெல்லிய பூச்சாக மருந்தும், அதைப் பிடித்து வைக்கும் ஒரு பாலிமரும் படிந்திருக்கின்றன. மருந்தை இப்படி நூற்றுக்கணக்கான உருண்டைகளின் மேல் மெல்லியதாகப் பரப்பியதற்குக் காரணம் இருக்கிறது. இட்ராகோனசோல் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. கட்டியாகக் கொடுத்தால் கரையாமலே போய்விடும். பரப்பு கூடினால்தான் ஓரளவாவது கரையும். ஆகவே உருண்டைகளைக் கடிப்பதோ நசுக்குவதோ கூடாது. கேப்சூலை முழுதாக விழுங்க வேண்டும்.

சாதாரணத் தண்ணீரில் இந்த மருந்து ஏறக்குறைய கரைவதே இல்லை. வலுவான அமிலத்தில் போட்டால் கரையும் அளவு ஆயிரக்கணக்கான மடங்கு கூடுகிறது. இட்ராகோனசோல் ஒரு வலுக்குறைந்த காரம். அமிலத்தில் அதன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு தண்ணீரோடு சேரும். அமிலம் இல்லாத இடத்தில் அது எண்ணெய்போலத் தண்ணீரை விட்டு ஒதுங்கி நிற்கும்.

நம் உடலில் அவ்வளவு அமிலம் இருக்கும் இடம் இரைப்பை மட்டுமே. மருந்து ரத்தத்துக்குள் ஏறுவதோ அதற்கு அடுத்த இடமான சிறுகுடலில். அங்கே அமிலம் கிட்டத்தட்ட இல்லை. ஆக, இரைப்பையில் இருக்கும் நேரத்துக்குள் கரைந்தாக வேண்டும். கரைந்து சிறுகுடலுக்குப் போன பங்குக்கே குடல் சுவரைத் தாண்டும் வாய்ப்பு உண்டு. கரையாமல் இறங்கிய உருண்டைப் பூச்சு மலத்தோடு வெளியே போய்விடும். விழுங்கியது 200 மி.கி. ஆனாலும், ரத்தம் கண்டது சொற்பம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

அப்படியானால் சாப்பாடு எதற்கு?

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். வெறும் வயிற்றில்தானே அமிலம் கடுமையாக இருக்கும், சாப்பாடு அதை நீர்க்கச் செய்யாதா? செய்யும், முதல் சில நிமிடங்களுக்கு. ஆனால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிய கேப்சூல் இரைப்பையில் அதிக நேரம் தங்குவதில்லை. தண்ணீர் இறங்கும்போது உருண்டைகளும் கூடவே இறங்கத் தொடங்கிவிடுகின்றன. கரைய நேரம் கிடைப்பதில்லை.

முழுச் சாப்பாடு வயிற்றில் இருந்தால் நிலைமை வேறு. இரைப்பை தன் வாயிலை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் உணவை அரைக்கிறது. அந்த நேரம் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கிறது. உருண்டைகள் அதில் புரண்டு கரைகின்றன. உணவிலுள்ள கொழுப்பு பித்தநீரை வரவழைக்கிறது. எண்ணெய்த் தன்மையுள்ள இந்த மருந்தைக் குடலில் கரைந்த நிலையிலேயே வைத்திருக்க அதுவும் கைகொடுக்கிறது. 

எனவே “சாப்பாட்டோடு” என்பதை அரைகுறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பிஸ்கட்டோ ஒரு கப் தேநீரோ சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அன்றைய பெரிய வேளை உணவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, சாப்பிட்டு முடித்த கையோடு, இலையையோ தட்டையோ விட்டு எழும் முன்பே விழுங்குவது நல்லது. ஒரு நாளில் இரண்டு வேளை என்றால் இரண்டு முழு வேளை உணவு. பசியே இல்லாமல் இரண்டு வாய் மட்டும் சாப்பிடும் நோயாளிக்குக் கேப்சூல் ஏற்ற வடிவமல்ல. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பூஞ்சை நோய் முற்றியவர்களுக்குப் பசி குறைவது சாதாரணம் என்பதால், இது அரிதாக நடக்கும் விஷயமல்ல.

கேஸ் மாத்திரை என்னும் தடை

கேப்சூல் வேலை செய்யாமல் போவதற்கு நடைமுறையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள். பலர் இவற்றை மருந்தாகவே எண்ணுவதில்லை. “வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று சொல்வார்கள், தினமும் காலையில் போடும் கேஸ் மாத்திரை நினைவுக்கே வராது. அதனால் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த மாத்திரைகளில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒரே மாதிரிக் கையாள முடியாது.

முதல் வகை ஆன்டாசிட். மென்று தின்னும் வில்லையாகவும், வெள்ளை நிறத் திரவமாகவும் வருகிறது. வயிற்றில் ஏற்கெனவே உள்ள அமிலத்தை அந்த நேரத்துக்கு முறிக்கும். பிறகு வலு குறைந்துவிடும். இடைவெளி விட்டால் போதும். கேப்சூலை விழுங்கி 2 மணி நேரமாவது கழித்து ஆன்டாசிட் எடுத்தால் பிரச்சினை இல்லை.

இரண்டாவது வகை ஃபமோட்டிடின் போன்றவை. இவை பாதி நாள் வரை அமிலச் சுரப்பை அடக்கும்.

மூன்றாவது வகைதான் பெருந்தடை: ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல், ரபெப்ரசோல், ஈசோமெப்ரசோல். இந்த வகை மருந்துகளின் பெயர் பெரும்பாலும் “ப்ரசோல்” என்று முடியும். இவை அமிலம் சுரக்கும் பம்புகளையே செயலிழக்கச் செய்கின்றன. உடல் புதிய பம்புகளை உருவாக்கும் வரை அமிலம் திரும்பாது. அதனால் ஒரு மாத்திரையின் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கும். “காலையில் பான்டொப்ரசோல், இரவில் இட்ராகோனசோல் கேப்சூல், இடையில் 12 மணி நேரம் இருக்கிறதே” என்று நினைப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த இடைவெளியால் பயனில்லை. இரவிலும் வயிற்றில் போதிய அமிலம் இருக்காது.

மாத்திரையே எடுக்காமல் அமிலம் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்களில் சிலர், இரைப்பை அறுவை சிகிச்சை ஆனவர்கள், எச்.ஐ.வி. முற்றிய நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அமிலச் சுரப்பு தானாகவே குறைந்திருக்கலாம்.

கோலா எப்படி உதவுகிறது

வயிற்றில் அமிலம் இல்லையென்றால் வெளியிலிருந்து கொடுக்கலாம். அதற்குத்தான் கோலா. வேடிக்கையான யோசனைபோலத் தோன்றினாலும், இதைச் சோதித்துப் பார்த்து, கேப்சூலின் மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்த முடியாதவர் கேப்சூலைச் சர்க்கரையுள்ள சாதாரண கோலாவோடு எடுக்கலாம். அளவு, 240 மி.லி. கொள்ளும் ஒரு டம்ளர். டயட் கோலா வேண்டாம்.

அமிலத்தன்மையைக் காட்டும் எண் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். சாதாரண கோலாவின் பி.எச். ஏறத்தாழ 2.5. இட்ராகோனசோல் நன்கு மின்னூட்டம் பெற்றுக் கரைய பி.எச். 3.7-க்குக் கீழே, எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. டயட் கோலாவின் அமிலத்தன்மை சற்றுக் குறைவு, பி.எச். 3.2 அளவில் எல்லைக்கு அருகில் நிற்கிறது. பி.எச். ஒன்று கூடினால் அமிலம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை நினைவில் வைத்தால், 2.5-க்கும் 3.2-க்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல என்பது விளங்கும்.

இதே தர்க்கத்தில் “புளிப்பான எந்தப் பானமும் சரிதானே” என்று கேட்கிறார்கள். சரியல்ல. ஆரஞ்சுச் சாறு கொடுத்துச் சோதித்த ஆய்வில் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடவில்லை. கிரேப்ஃப்ரூட் சாறு கொடுத்த ஆய்வு ஒன்றில் அளவு குறைந்தே போனது. நாக்குக்குப் புளிப்பாக இருப்பதும் மருந்தைக் கரைக்கும் அளவுக்கு அமிலமாக இருப்பதும் வேறு வேறு. தவிர, பழச்சாறுகளில் குடல் சுவரின் வேலையில் தலையிடும் பொருள்களும் இருக்கின்றன. 

கோலாவைச் சாப்பாட்டுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். சாப்பாட்டோடு கேப்சூல், கூடவே கோலா என்பதுதான் முறை. முன்பே திறந்து வைத்துப் பாதி குடித்துவிட்டு, மீதி ஒரு வாயில் கேப்சூலை விழுங்கினால் போதாது. உருண்டைகள் கரையும் நேரத்தில் அமிலம் உடனிருக்க வேண்டும். ஒரு டம்ளரில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை போகிறது. இரண்டு வேளைக்கு 50 கிராம். சர்க்கரை நோயாளிக்கு இதை மாதக்கணக்கில் தொடரச் சொல்வது சரியல்ல. வயிற்றுப்புண் இருப்பவருக்கும் கோலா ஒத்துக்கொள்ளாது. இவர்களுக்குக் கேப்சூலையே மாற்றுவதுதான் நல்ல வழி.

சிரப்: முன்பே கரைத்து வைத்த மருந்து

கேப்சூலுக்கு இருக்கும் தலையாய சிக்கலைத் திரவ மருந்தில் தயாரிக்கும்போதே தீர்த்துவிட்டார்கள். அதில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து வகைப் பொருள் சேர்ந்திருக்கிறது. வளையம்போல அமைந்த மூலக்கூறு அது. வெளிப்புறம் தண்ணீரோடு சேரும். உட்புறம் எண்ணெய்த் தன்மையுள்ள இட்ராகோனசோலைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். எனவே பாட்டிலுக்குள்ளேயே மருந்து கரைந்துதான் இருக்கிறது. கரைக்க இரைப்பை அமிலம் வேண்டியதில்லை. பான்டொப்ரசோல் எடுப்பவரும் இதைக் குடிக்கலாம், கோலா தேவையில்லை.

கரைந்த மருந்துக்குச் சாப்பாட்டின் துணையும் வேண்டாம். சொல்லப்போனால் சாப்பாடு அதன் உறிஞ்சலைக் கெடுக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால், சாப்பாட்டோடு குடிப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாக மருந்து ரத்தத்தில் ஏறுகிறது. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தோ, சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்போ குடிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பெரும்பாலோருக்கு வசதியான நேரங்கள் காலையில் எழுந்தவுடனும், இரவில் படுக்கப் போகும்போதும்.

வழக்கமான சிரப்பில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. மருந்து உண்டு. 200 மி.கி. டோஸ் என்றால் 20 மி.லி. வீட்டுக் கரண்டியால் அளக்காமல், பாட்டிலோடு வரும் அளவுக்கோப்பையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். வாயிலும் உணவுக்குழாயிலும் வெள்ளையாகப் படியும் காண்டிடா தொற்றுக்கு என்றால், ஒருமுறைக்கு 10 மி.லி. வாயில் விட்டுச் சில விநாடி நன்றாகக் கொப்பளித்து, துப்பாமல் விழுங்க வேண்டும். பிறகு உடனே தண்ணீர் குடித்து வாயைக் கழுவக் கூடாது. மருந்து புண்மேல் படும் நேரமும் அங்கே சிகிச்சைதான்.

சிரப்பின் குறை வயிற்றுப்போக்கு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் ரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. நாளுக்கு ஓரிரு முறை இளகிப் போவதைப் பலரால் சமாளிக்க முடிகிறது. அதற்கு மேல் போனால், தானாக டோஸைக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேப்சூல் 100 மி.கி.யும் சிரப் 100 மி.கி.யும் சமம் அல்ல. சிரப்பிலிருந்து அதிகம் ஏறும். மருந்துக் கடையில் ஒன்று இல்லையென்று மற்றொன்றைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு தொடரக் கூடாது.

இதே எச்சரிக்கை மூன்றாவதாக ஒரு வடிவத்துக்கும் பொருந்தும். சுபா இட்ராகோனசோல் என்ற கேப்சூலில் மருந்தை வேறொரு பாலிமருக்குள் பரப்பி, இரைப்பையில் அல்லாமல் சிறுகுடலில் வெளிவரும்படி செய்திருக்கிறார்கள். அமிலத்தை அது நம்பியிருப்பதில்லை. அதில் 65 மி.கி. என்பது வழக்கமான கேப்சூலின் 100 மி.கி.க்கு ஈடாக வடிவமைத்தது, 50 மி.கி.யை அப்படி வைத்த தயாரிப்பும் உண்டு. அட்டையில் எண் சிறிதாக இருக்கிறதே என்று இரண்டாகப் போட்டுக்கொண்டால் அளவு மீறிவிடும். “சுபா” என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதும், கேப்சூல் மாறினால் கேட்பதும் அவசியம்.

விழுங்கியது தெரியும், ஏறியது எவ்வளவு?

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரே டோஸில் ஒருவருக்கு ஏறும் அளவும் மற்றொருவருக்கு ஏறும் அளவும் பல மடங்கு வேறுபடும். அமிலம், சாப்பாடு, பித்தநீர் ஆகியவற்றோடு, குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகியவை இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. ரிஃபாம்பிசினோடு இட்ராகோனசோல் கொடுத்தால் ரத்தத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. சாப்பாடு, கோலா, சிரப் எதுவும் அதை ஈடுசெய்யாது.

அதனால்தான் நுரையீரல் பூஞ்சை, உடலுக்குள் பரவிய பூஞ்சை போன்ற தீவிர நோய்களுக்கும், மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் மருந்தளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். சில வாரங்களுக்கு மட்டும் எடுக்கும் தோல் தொற்றுக்குப் பொதுவாக இது தேவைப்படுவதில்லை. அங்கே குணம் கண்ணுக்கே தெரியும். நுரையீரலில் அப்படித் தெரியாது. மருந்து போதவில்லை என்பதை உடல்நிலை மோசமான பிறகே உணர வேண்டிவந்தால் பல மாதங்கள் வீணாகியிருக்கும்.

எப்போது பார்ப்பது? தொடர்ந்து எடுக்கும்போது இந்த மருந்தின் அரையாயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ இருக்கும். ஒவ்வொரு டோஸும் முந்தையதன் மிச்சத்தின் மேல் சேர்ந்துகொண்டே போய், ஏறக்குறைய 2 வாரத்தில் நிலைபெறுகிறது. ஐந்தாம் நாளில் எடுத்த ரத்தம் குறைவாகக் காட்டினால் அது தவறான பயத்தைத்தான் தரும். தீவிர நோயில் முதல் 3 நாள் கூடுதல் டோஸ் கொடுத்துச் சீக்கிரம் நிரப்புவதும் உண்டு. ஆனாலும் 2 வாரம் கழித்தே பார்ப்பது வழக்கம். டோஸை மாற்றினாலோ, கேப்சூலிலிருந்து சிரப்புக்குப் போனாலோ, கேஸ் மாத்திரை புதிதாகச் சேர்ந்தாலோ மறுபடி 2 வாரம் கழித்துப் பார்க்க வேண்டும்.

நிலைபெற்ற பிறகு ஒரு நாளுக்குள் அளவு அதிகம் ஏறி இறங்குவதில்லை என்பதால், எந்த நேரத்தில் எடுத்தாலும் ஓரளவு சரியே. இருந்தாலும் அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்தால் முந்தைய முடிவோடு ஒப்பிட எளிது. பரிசோதனைப் படிவத்தில் எந்த வடிவம், எந்த டோஸ், எந்தத் தேதியிலிருந்து, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்பதைக் குறிப்பிடுங்கள். இவை இல்லாத முடிவு வெறும் எண்தான்.

நோய்க்கான சிகிச்சையில் ஒரு மி.லி. ரத்தத்தில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் இலக்கு. நோய் வராமல் தடுக்க மட்டும் கொடுக்கும்போது 0.5 போதும் என்கிறார்கள். 4-ஐத் தாண்டும்போது பக்கவிளைவுகள் கூடுகின்றன. லிட்டருக்கு மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தாலும் எண் அதேதான்.

அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தால் பதற வேண்டாம். கல்லீரல் இட்ராகோனசோலை ஹைட்ராக்ஸி இட்ராகோனசோலாக மாற்றுகிறது. அதுவும் பூஞ்சையைக் கொல்லும். அதன் அளவு பெரும்பாலும் தாய் மருந்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலே சொன்ன இலக்குகள் தாய் மருந்துக்கானவை. சில பரிசோதனைக் கூடங்கள் பயோஅஸ்ஸே என்ற பழைய முறையில், இரண்டும் சேர்ந்து பூஞ்சையை எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கின்றன. அங்கே எண் பல மடங்கு பெரிதாக வரும். 5 முதல் 17 வரை சரியான வீச்சு என்பார்கள். ஒரு கூடத்தில் 6, அடுத்த கூடத்தில் 1.2 என்று வந்தால் மருந்து குறைந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன், இரண்டு கூடங்களும் ஒரே முறையில்தான் அளந்தனவா என்று கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

வயது 58. நுரையீரலில் நாள்பட்ட ஆஸ்பெர்ஜிலஸ் தொற்று. சர்க்கரை நோயும் உண்டு. வழக்கமான இட்ராகோனசோல் கேப்சூல் 200 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தாய் மருந்து 0.3 மைக்ரோகிராம், ஹைட்ராக்ஸி 0.5. இருமல் குறையவில்லை.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் டோஸைக் கூட்டத் தோன்றும். அதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்கிறார்; மீதமுள்ள கேப்சூல்களை எண்ணினாலும் கணக்கு சரியாக வருகிறது. எப்படி எடுக்கிறார்? காலையில் எழுந்ததும், இரவு உணவுக்கு அரை மணி முன்பும். அதாவது இரண்டு வேளையும் வெறும் வயிற்றில். வேறென்ன மாத்திரை? கேஸ் மாத்திரை உண்டா என்று தனியாகக் கேட்டபோதுதான், காலையில் இட்ராகோனசோலோடு சேர்த்தே பான்டொப்ரசோலும் போடுவது தெரிகிறது. ஆக, கேப்சூல் கரைய வேண்டிய நேரமும் இல்லை, அமிலமும் இல்லை. டோஸைக் கூட்டியிருந்தால் கரையாத உருண்டைகள்தான் கூடியிருக்கும்.

எளிய தீர்வு பான்டொப்ரசோலை நிறுத்துவது. ஆனால் இவருக்கு முன்பு இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்திருக்கிறது. மூட்டுவலிக்கு வலி மாத்திரையும் தவிர்க்க முடியவில்லை. நிறுத்தினால் மறுபடி ரத்தம் கசியலாம். கோலா? சர்க்கரை நோயும் பழைய புண்ணும் இருப்பதால் அதுவும் உகந்ததல்ல. எனவே சிரப்புக்கு மாற்றுகிறார் மருத்துவர். 20 மி.லி. வீதம் இரண்டு வேளை. காலையில் எழுந்ததும் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்துச் சிற்றுண்டி. இரவு உணவு முடிந்து 2 மணி நேரமானதும் மற்றொன்று. முதல் வாரம் நாளுக்கு இரண்டு முறை இளகிப் போகிறது, பிறகு குறைகிறது. மாற்றிய 2 வாரத்தில் எடுத்த ரத்தத்தில் தாய் மருந்து 1.6. மில்லிகிராம் கணக்கில் டோஸ் கொஞ்சமும் கூடவில்லை. கரைவது மட்டுமே மாறியது.

அளவு கூடினாலும் தெரிய வேண்டும்

இந்த மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. சிதைக்கும் நொதியை இதுவே ஓரளவு அடைத்துவிடுகிறது. அதனால் டோஸை ஒன்றரை மடங்காக்கினால் ரத்த அளவு அதைவிடக் கூடுதலாக ஏறும். குறைத்தாலும் அப்படியே, எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கும். கூட்டுவதும் குறைப்பதும் சிறு படிகளாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையோடு நடப்பது இதனால்தான்.

அளவு மிஞ்சுவதன் அறிகுறிகளில் கணுக்கால் வீக்கம் முக்கியமானது. காலை அழுத்தினால் குழி விழுவது, ரத்த அழுத்தம் ஏறுவது, பொட்டாசியம் குறைந்து தசைகள் பலவீனமாவது ஆகியவை சேர்ந்தும் வரலாம். மூச்சுத்திணறலும் உடல் எடை சட்டென்று கூடுவதும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இட்ராகோனசோல் இதயத்தின் சுருங்கும் வலுவைக் குறைக்கக் கூடியது. ஏற்கெனவே இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு, உயிருக்கு ஆபத்தான தொற்று தவிர மற்றவற்றுக்கு இதைத் தருவதில்லை. கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர்நிறமாவதும் கல்லீரல் பற்றிய எச்சரிக்கை.

அதே நொதியை அடைப்பதால் மற்ற மருந்துகளும் ரத்தத்தில் குவியும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் இரண்டையும் இதனோடு சேர்த்து எடுக்கவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. மற்ற மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரையும், இன்ஹேலர் உட்பட, மருத்துவரிடம் காட்டுங்கள். இட்ராகோனசோலை நிறுத்திய அன்றே இந்தத் தடை நீங்கிவிடாது. மெதுவாக ஏறியதுபோலவே மெதுவாகத்தான் இறங்கும். ரத்தத்திலிருந்து முழுதாக மறைய 1 முதல் 2 வாரம் வரை ஆகலாம். நிறுத்திவைத்த சிம்வாஸ்டாடினை மறுபடி தொடங்கும் தேதியை அந்த 2 வாரத்தையும் சேர்த்தே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.